இன்டர்னல் வேலிடிட்டி, எக்ஸ்டர்னல் வேலிடிட்டி: தமிழில் என்ன?

மாலதி:
வணக்கம். ஊடக விளைவுச் சோதனைகள் பற்றிய அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கல்வியியல் நூல்களில் வேலிடிட்டிக்கு ‘ஏற்புடைமை’ என்று இருக்கிறது. அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை என்று போடலாமா?

குமரன்:
‘அகம்’ என்றால் பார்வையாளர் மனத்துக்குள் நடப்பது என்று படிப்பவர் நினைப்பார். ‘உள் ஏற்புடைமை’ நல்லது. இரண்டாவதற்கு ‘மக்கட்பொதுமை’ போதும். கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஊருக்கெல்லாம் பொருந்தாது, விஷயம் அவ்வளவுதானே?

சிவகாமி:
பாதிதான் தம்பி. அரசியல் ஆய்வாளர்கள் ஷாந்தோ ஐயங்காரும் டொனால்ட் கிண்டரும் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் செய்த சோதனையைப் பாருங்கள். வந்தவர்கள் மாணவர்கள் இல்லை, பணம் பெற்றுக்கொண்டு பங்கெடுத்த ஊர்க்காரர்கள். சில நாட்கள் தொடர்ந்து தொலைக்காட்சிச் செய்தி பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் காட்டிய செய்தியில் மட்டும் அமெரிக்க ராணுவத்தின் பலவீனம் பற்றிய பழைய செய்தித் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அந்தக் குழுவுக்குப் பாதுகாப்புப் பிரச்சினை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், காரணம் அந்தத் துண்டுகள்தான் என்று சொல்ல முடிகிறது. உள் ஏற்புடைமை என்பது இதுதான்.

ஆனால் வீட்டில் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் செய்தி பார்த்திருப்பார்கள்? உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்ட் 1959லேயே இதைக் கேட்டார். ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும், அதனால் விளைவு பெரிதாகத் தெரிகிறது. வெளியே அவரவர் விருப்பப்படி சேனலை மாற்றிவிடுகிறார்கள். ஆய்வகத்தில் கண்டது வெளிச் சூழலிலும் பொருந்துமா என்பதும் எக்ஸ்டர்னல் வேலிடிட்டிதான். ஆட்களை மட்டும் சொல்லும் ‘மக்கட்பொதுமை’க்குள் இது அடங்காது.

ரமேஷ்:
நான் எம்.ஃபில். ஆய்வுக்கு என் வகுப்பு மாணவர்களிடமே இரண்டு செய்தித் தொகுப்புகளைக் காட்டினேன். எண்ணிக்கை குறைவு என்று வெளித்தேர்வாளர் கேட்டார். இன்னும் நூறு பேரைச் சேர்த்தால் புற ஏற்புடைமை வந்துவிடுமா?

சிவகாமி:
வராது, அதே மாதிரி நூறு பேர்தான் கூடுவார்கள். உங்கள் சிக்கல் இன்னும் அடியில் இருக்கிறது. சார் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று பையன்கள் ஊகித்திருந்தால், உள் ஏற்புடைமையே ஆட்டம் காணும். என்ன ஊகித்தீர்கள் என்று கடைசியில் கேட்டீர்களா?

ரமேஷ்:
இல்லை.

குமரன்:
அப்போ மாணவர்களை வைத்துச் சோதனையே செய்யக் கூடாதா?

சிவகாமி:
செய்யலாம். அரசியல் ஆய்வாளர்கள் ட்ரக்மனும் காமும் 2011இல் இதற்கு நல்ல வாதம் வைத்தார்கள். விளைவு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால் மாணவர்கள் போதும். ஆளுக்கு ஆள் எதனால் மாறுகிறதோ, அது மாணவர்களிடம் வேறுபடாதபோதுதான் இடிக்கும். ஓய்வூதிய வெட்டு பற்றிய செய்தி என்று வையுங்கள். வயதைப் பொறுத்து விளைவு மாறும், வகுப்பிலோ எல்லோருக்கும் இருபது வயது. அறுபது வயதுக்காரர் ஒருவர்கூட இல்லாத தரவில் யார் பதிலுக்கு எவ்வளவு எடை கொடுத்துக் கணக்கிட்டாலும் அவர் பதில் கிடைக்காது.

தர்ஷினி (யாழ்ப்பாணம்):
இங்கே ‘வலிது’ என்ற சொல்லும் புழக்கத்தில் உள்ளது. ‘உள் வலிது, வெளி வலிது’ சுருக்கமாக இருக்குமே?

குமரன்:
இங்கே அதை ‘வலி’ என்று படித்துவிடுவார்கள், அக்கா.

மாலதி:
சரி, ‘உள் ஏற்புடைமை’ என்று போட்டுவிடுகிறேன். மற்றதற்கு ஆள், சூழல் இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும். ‘வெளிப்பொருத்தம்’ எப்படி?

சிவகாமி:
பொருள் சரி. ஆனால் இரண்டும் வேலிடிட்டியின் வகைகள் என்பது மறைந்துவிடுகிறதே.