HFE மரபணு அறிக்கையில் ‘இரட்டை மாற்றம்’: சரியான கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மெல்பர்ன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரும்புமிகை நோய் பற்றிய விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்கப்போகிறவர் ஒரு தமிழ்ப் பெண். அவருடைய கணவர் அயர்லாந்து வழியினர், வயது 46. கணவரின் இரத்தத்தில் இரும்பு 33, இரும்பைப் பிணைக்கும் மொத்தக் கொள்திறன் 55, அதாவது டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 60 விழுக்காடு. காலை வெறும் வயிற்றில் மீண்டும் எடுத்தபோதும் 57 வந்தது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 520. ஆண்களுக்கு நிறைவு 50-க்கும் ஃபெரிட்டின் 300-க்கும் மேல் இருந்தால் இந்நோயோடு தொடர்புடைய HFE மரபணுவைப் பார்ப்பது வழக்கம் என்பதால் பரிசோதனை செய்தார்கள். அந்த மரபணுவில் காணப்படும் மாற்றங்களில் C282Y ஒன்று, H63D ஒன்று என்று முடிவு வந்திருக்கிறது. அவருடைய அண்ணனுக்கோ C282Y மட்டுமே, ஆனால் இரண்டு.

என் கையில் உள்ள பழைய தமிழ் வரைவு இருவரையுமே ‘இரட்டை மாற்றம் உடையவர்’ என்கிறது. தம்பியின் மனைவி அதைப் படித்துவிட்டு, அண்ணனுக்கு வந்ததே தம் கணவருக்கும் வந்திருக்கிறது என்று எண்ணிக் கலங்கியிருக்கிறார். ஒற்றை, இரட்டை என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மூன்று நிலைகளைச் சொல்ல முடியவில்லை. உங்கள் பரிந்துரைகளை வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், திருச்சி

அம்மா, இதில் குழப்பத்திற்கு இடமில்லை என்பது என் கருத்து. ஒன்று இருந்தால் அவர் மாற்றத்தைச் சுமப்பவர், அவருக்கு நோய் வராது. இரண்டு இருந்தால் நோயாளி. எனவே ‘சுமப்பவர்’, ‘நோயுற்றவர்’ என்ற இரு சொற்களே போதும். பாடநூல் வழக்கில் உள்ள கடினமான கலைச்சொற்களைப் பொதுமக்களுக்கான குறிப்பில் இறக்க வேண்டாம்.

கல்லீரல் மருத்துவர், லண்டன்

ஆசிரியர் ஐயா சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. C282Y ஒன்று மட்டும் உள்ளவருக்கு நிறைவு சிறிது கூடலாம்; அதனால் மட்டும் உறுப்புகளில் இரும்பு படிந்து நோயாவதில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு நிறைவு தொடர்ந்து 60-ஐ ஒட்டி நின்றால், அந்த ஒற்றை மாற்றமே காரணம் என்று கோப்பை மூடிவிடக் கூடாது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாரா, மது எவ்வளவு, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா, தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு இருக்கிறதா, அரிதான வேறு மரபணுக்கள் எதிலாவது மாற்றம் உண்டா என்று தேட வேண்டும்.

இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. C282Y இரண்டும் உள்ள ஆண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கும் பெண்களில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினருக்கும் மட்டுமே இரும்பினால் உண்டாகும் நோய் தோன்றியதாக மெல்பர்னில் நடந்த பெரிய ஆய்வு 2008-இல் காட்டியது. பெண்களுக்கு மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் இரும்பு வெளியேறிவிடுவது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆகவே ‘நோயுற்றவர்’ என்ற சொல்லை மரபணு அறிக்கையின் மொழிபெயர்ப்பில் வைக்கவே கூடாது. மரபணு வாய்ப்பைச் சொல்கிறது. நோய் உண்டா என்பதை ஃபெரிட்டினும் கல்லீரலும்தான் சொல்ல வேண்டும்.

தம்பியின் நிலை மூன்றாவது வகை. C282Y ஒரு பக்கம், H63D மறுபக்கம். இதனால் நிறைவு கூடுவது உண்டு, ஆனால் நோய் அளவுக்கு இரும்பு சேர்வது அரிது. சேர்ந்தால் மதுவோ கொழுப்புக் கல்லீரலோ உடன் இருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம். 520 என்ற ஃபெரிட்டினுக்கு முதலில் அவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். அண்ணனுக்கு ஃபெரிட்டின் உயர்ந்திருந்தால் இரத்தம் எடுத்து இரும்பைக் குறைப்பதுதான் சிகிச்சை. தம்பிக்கு அதே சிகிச்சையைத் தானாகவே தொடங்கிவிடுவதில்லை.

வாசகர், சென்னை

என் ஃபெரிட்டின் 480. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் இருக்கின்றன, நிறைவு 29. நானும் இரும்புமிகை உள்ளவன்தானே, இந்த மரபணுச் சோதனையைச் செய்துகொள்ளலாமா?

கல்லீரல் மருத்துவர், லண்டன்

ஐயா, நிறைவு 29 என்பதால் உங்கள் நிலை வேறு. ஃபெரிட்டின் அழற்சியிலும் கொழுப்புக் கல்லீரலிலும் உயரும். அது உடலில் இரும்பு மிகுந்திருப்பதாகப் பொருளாகாது. C282Y தெற்காசியரிடம் மிக அரிது. உங்களுக்கு அடுத்த படி கல்லீரலைக் கவனிப்பது. உங்கள் மருத்துவரிடம் அதைப் பேசுங்கள். ஆனால் உங்கள் கேள்வி நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: ஃபெரிட்டின் உயர்வையும் ‘இரும்புமிகை’ என்றே எழுதினால் உங்களைப் போன்றவர்களும் இந்தக் குறிப்பைத் தமக்கானதாக எண்ணுவார்கள்.

மரபணு ஆய்வகப் பணியாளர், சிட்னி

தாய்வழி, தந்தைவழி என்ற சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் அவற்றிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தது ‘ஒருவழி மாற்றம்’. இருவரிடமிருந்தும் ஒரே மாற்றம் வந்திருந்தால் ‘இருவழி ஒத்த மாற்றம்’. வெவ்வேறு மாற்றங்கள் வந்திருந்தால் ‘இருவழி வேற்று மாற்றம்’. இரட்டை என்பது எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். இரு மாற்றங்களும் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்லாது.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது அந்த இடம்தான் முக்கியமாகிறது. ஒரு பேச்சுக்கு, இரண்டு மாற்றங்களும் ஒரே குரோமோசோமில் இருந்தால் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து போகும், அல்லது எதுவுமே போகாது. எதிரெதிர் குரோமோசோம்களில் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதேனும் ஒன்று கட்டாயம் போகும், இரண்டும் போகாது. C282Y, H63D இரண்டும் தனித்தனிக் குரோமோசோம்களில் தோன்றியவை என்பதால் நடைமுறையில் இரண்டாவது நிலையைத்தான் பார்க்கிறோம்.

இந்தக் குடும்பமும் அதற்குப் பொருந்தி வருகிறது. அண்ணனுக்கு C282Y இரண்டு என்றால் தாய், தந்தை இருவரிடமும் அது ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். தம்பி ஒருவரிடமிருந்து C282Y-ஐயும் மற்றவரிடமிருந்து H63D-ஐயும் பெற்றிருக்கிறார். அப்படியானால் H63D-ஐக் கொடுத்தவரிடம் இரண்டு மாற்றங்களும் இருந்தன. அவர் அண்ணனுக்கு ஒன்றையும் தம்பிக்கு மற்றதையும் கொடுத்திருக்கிறார். பெற்றோரில் அவர் யார் என்பதை இந்த அறிக்கைகளைக் கொண்டு சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், திருச்சி

மருத்துவரின் விளக்கத்தை ஏற்கிறேன்; ‘நோயுற்றவர்’ வேண்டாம். ‘இருவழி’ நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஒருவழி’ என்றால் வாசகர் மனத்தில் ஒருவழிப் பாதைதான் முதலில் வரும். ‘ஒருபடி’, ‘இருபடி’ என்று வைக்கலாமே? படி என்பதற்கு நகல் என்ற பொருளும் உண்டு.

மரபணு ஆய்வகப் பணியாளர், சிட்னி

‘இருபடி’ என்றதும் பள்ளிக் கணக்கில் வரும் இருபடிச் சமன்பாடு நினைவுக்கு வராதா ஐயா? அதைவிட, ‘படி’ வைத்தால் நோய் முற்றிய நிலைகளைச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்வார்கள். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்குப் போய்விடுவோமா என்று நோயாளி கேட்பார்.

மொழிபெயர்ப்பாளர், மெல்பர்ன்

மிக்க நன்றி. ‘இருவழி ஒத்த’, ‘இருவழி வேற்று’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஒற்றை நிலைக்கு இப்போதைக்கு ‘பெற்றோரில் ஒருவர்வழி வந்த மாற்றம்’ என்று விரித்தே எழுதுகிறேன்; குறுகிய சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

குறிப்பில் வரும் பத்தி இது: ‘உங்கள் கணவருக்கு இருப்பது இருவழி வேற்று மாற்றம், அவருடைய அண்ணனுக்கு இருப்பது இருவழி ஒத்த மாற்றம். இவை ஒன்றல்ல. உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தந்தையிடமிருந்து C282Y அல்லது H63D ஒன்று வந்திருக்கும்.’ தாயின் பக்கத்தைப் பற்றி என்ன எழுதுவது என்பதில்தான் தயங்குகிறேன்.

கல்லீரல் மருத்துவர், லண்டன்

தமிழ்த் தாயிடம் C282Y இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் H63D இந்தியாவிலும் காணப்படுவதே. எனவே பிள்ளைகளுக்கு ஒத்த C282Y வராது என்று உறுதி கொடுக்காமல், ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்று மட்டும் எழுதுங்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் இப்போது சோதனை தேவையில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். பெரியவர்களான பிறகு நிறைவும் ஃபெரிட்டினும் பார்த்தால் போதும்.