தலையில் அப்பிய தடித்த செதில்: களிம்பு கலந்து தரும் மருந்துக்கடை சென்னையில் எங்கே?

வணக்கம். 9 வயதுப் பெண் குழந்தைக்காகக் கேட்கிறேன். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் செதில் அடுக்கடுக்காக ஏறி, முடிக்கற்றைகளை அடியோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிட்டிரியாசிஸ் அமியான்டேசியா என்கிறார் தோல் டாக்டர். இது தனி நோயல்ல, அடியில் இருக்கும் வேறொன்றின் வெளிப்பாடு. பெரும்பாலும் சொரியாசிஸ் அல்லது கடும் பொடுகு. குழந்தைகளுக்குப் பூஞ்சையாகவும் இருக்கலாம். அதனால் முதலில் செதிலைச் சுரண்டிப் பரிசோதித்தார்கள். பூஞ்சை என்றால் மாத்திரைதான் வேண்டும், ஸ்டீராய்டு தடவினால் அது மறைந்துகொண்டு பரவும். இவளுக்குப் பூஞ்சை இல்லை. காதுக்குப் பின்னாலும் சிவந்த திட்டு இருப்பதால் சொரியாசிஸ் என்று சந்தேகம்.

3% சாலிசிலிக் அமிலக் களிம்பை வகிடு வகிடாகப் பிரித்துச் செதில்மேல் மட்டும் தடவி, சில மணி நேரம் ஊறவிட்டு, ஷாம்பு போட்டு அலசி, தானாக நெகிழ்ந்ததை மட்டும் சீப்பால் எடுக்கச் சொல்லியிருக்கிறார். காய்ந்த செதிலைப் பிய்த்தால் முடியும் வேரோடு வரும், புண்ணாகிச் சீழ் பிடிக்கும். செதில் மெலிந்த பிறகுதான் ஸ்டீராய்டு லோஷன். அதற்கு முன் தடவினால் தோலை எட்டாது.

இந்தக் களிம்பைச் சீட்டுப்படி கலந்து தரும் கடை சென்னையில் தெரியுமா? இடுப்பு வரை முடி, களிம்புப் பிசுக்கு ஒரே அலசலில் போவதில்லை. முடியை வெட்டாமல் சமாளித்தவர்கள் எப்படி அலசினீர்கள்?