புதுப்பிப்பு: பி.எல்.சி., கருவியியல், சர்வீஸ் – எதில் சேர்ந்தேன்?

முன்பு இங்கே இப்படிக் கேட்டிருந்தேன்: "டிப்ளோமா முடித்துவிட்டேன். பி.எல்.சி. நிரலாளர், கருவியியல் தொழில்நுட்பர், சர்வீஸ் இன்ஜினியர்: பினாங்கில் எதில் தொடங்கலாம்?"

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பிறையிலிருந்து பதிலளித்த அண்ணன் சொன்னபடி சர்வீஸில் சேர்ந்தேன். மற்ற இரண்டையும் அதிலேயே பார்க்க முடிகிறது. பாயான் லெப்பாஸில் 5 மீட்டர் தொட்டி ஒன்று பாதி நிறைந்திருந்தும் திரை 2 மீட்டர் என்றது. எல்லாரும் மட்டம் அளக்கும் கருவியைச் சந்தேகித்தார்கள். அது அனுப்பும் மின்னோட்டத்தை அளந்தால் 12 மில்லிஆம்பியர். 4–20 வரம்பில் அது சரிபாதி. எனவே கருவி சரி. பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் நிரலில்தான் உச்ச அளவை 4 மீட்டர் என்று கொடுத்திருந்தார்கள்.

"நிரலாளருக்கே சம்பளம் அதிகம்" என்று இங்கே ஒரு தம்பி சொன்னது பாதி உண்மை: நிரலாளர் வேலைக்கான நேர்காணல்களில் தள அனுபவத்தைத்தான் முதலில் கேட்டார்கள். நான் எதிர்பாராதது இரவு அழைப்புகள். பிறகு நிரல் பக்கம் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.