பணியாளர் வெளியேற்றச் செலவு: புதிதாகச் சேர்ந்தவர்களை எப்படிப் பிரிப்பது?

செலவுக் கணக்கியலில் பழக்கமுள்ளவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

எங்கள் பிரிவில் ஆண்டுத் தொடக்கத்தில் 190 பேர், முடிவில் 210 பேர், ஆக சராசரி 200. விலகியவர்கள் 30, சேர்ந்தவர்கள் 50. சேர்ந்தவர்களில் 25 பேர்தான் காலியிடத்துக்கு வந்தவர்கள், மீதி 25 பேர் புது இயந்திர வரிசைக்கு எடுத்தவர்கள்.

மாற்றீட்டு முறையில் 25-ஐ 200-ஆல் வகுத்தால் 12.5%. இதில் சந்தேகமில்லை. ஃபிளக்ஸ் முறையில்தான் குழப்பம். விலகியவர்களோடு மாற்றாக வந்தவர்களை மட்டும் கூட்டினால் 27.5%, சேர்ந்த எல்லோரையும் கூட்டினால் 40%. இரண்டு விதமாகவும் பாடநூல்களில் இருக்கிறது. விரிவாக்கத்துக்கு எடுத்தவர்களையும் சேர்த்தால் விலகல் பிரச்சினை பெரிதாகத் தெரியும் என்பதால் முதலாவதே நியாயம் என்று படுகிறது. நீங்கள் எதை எடுப்பீர்கள்?

ஆள்சேர்ப்பு, பயிற்சிச் செலவை 50 பேருக்கும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறோம். அதில் பாதியை மட்டும் வெளியேற்றச் செலவாக எடுத்தால் சரியா? விளம்பரச் செலவு ஒரே தடவை போட்டது, ஆள் கணக்கில் பிரிப்பது பொருந்துமா என்று தெரியவில்லை.

அப்புறம் உற்பத்தி இழப்பு. காலியிடத்தாலும் புதியவர்களின் மந்த வேகத்தாலும் 2,000 அலகு குறைந்தது. இதை விற்பனை விலையில் மதிப்பிடக் கூடாது. செய்யாத அலகுக்கு மூலப்பொருளும் செலவாகவில்லையே. அதனால் பங்களிப்பை வைத்துப் பெருக்கினேன். ஆனால் அதில் 800 அலகை மற்றவர்கள் மிகைநேரத்தில் செய்து முடித்துவிட்டார்கள். அந்த 800-க்கு மிகைநேரத்தின் கூடுதல் கூலியை மட்டும் எடுத்து, மீதி 1,200-க்குப் பங்களிப்பு இழப்பைப் போட்டால் இரட்டைக் கணக்கு வராதுதானே? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.