ஒன்பதாம் வகுப்பு வேதியியல் தாள்: மின்சுமை பூச்சியம் வந்தும் தப்பு போட்டிருக்கிறார்கள், எப்படிச் சரிபார்ப்பது?

பாலக்கோடு அக்கா

வணக்கம். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். வகுப்புத் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அயனிச் சேர்மங்களில் ஐந்து கேள்வி. மூன்றில் பெயர் கொடுத்து வாய்ப்பாடு, இரண்டில் வாய்ப்பாடு கொடுத்துப் பெயர். அவன் எழுதியதையும் போட்ட மார்க்கையும் அப்படியே தருகிறேன்.

1. மக்னீசியம் ஆக்சைடு: Mg₂O₂ (தப்பு)
2. அலுமினியம் சல்பேட்: Al₂SO₄₃ (தப்பு)
3. சோடியம் சல்பேட்: Na₂SO₃ (தப்பு)
4. FeSO₄: இரும்பு (I) சல்பேட் (தப்பு)
5. PbO₂: லெட் (II) ஆக்சைடு (சரி)

ஐந்தாவதுக்கு அவன் பக்கத்து பெஞ்ச் பையன் லெட் (IV) ஆக்சைடு என்று எழுதி, அதைத் தப்பு என்று அடித்திருக்கிறார்கள். வீட்டில் இப்போது அதுதான் சண்டை.

நான் பி.காம். பத்தாவதோடு வேதியியலை விட்டாச்சு. கூட்டினால் மின்சுமை பூச்சியம் வர வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒன்றாவதும் மூன்றாவதும் பூச்சியம்தானே வருகிறது? அப்புறம் ஏன் தப்பு? விடைத்தாளைத் திருப்பித் தரும் முன் நானே சரிபார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஊத்தங்கரை பொறியியல்

அக்கா, ரொம்ப சுலபம். இணைதிறனைக் குறுக்கே மாற்றிப் போட்டால் வாய்ப்பாடு வந்துவிடும். Al-க்கு 3, SO₄-க்கு 2, மாற்றிப் போட்டால் Al₂(SO₄)₃. பெயர் வேண்டுமானால் அதையே தலைகீழாகச் செய்யுங்கள். கீழே இருக்கும் எண்களை எதிர்ப்பக்கம் தூக்கிப் போட்டால் அதுதான் மின்சுமை.

PbO₂-வில் ஆக்சிஜன் பக்கம் 2 இருக்கிறது, அது லெட்டுக்குப் போகும். ஆக லெட் (II). தம்பி எழுதியது சரி, பக்கத்து பெஞ்ச் தப்பு. FeSO₄-இல் இரண்டு பக்கமும் 1 தான் வருகிறது, ஆனால் சல்பேட்டுக்கு 2 என்று தெரியும், அதனால் இரும்பும் 2.

கிருஷ்ணகிரி பழைய வாத்தியார்

ஊத்தங்கரைத் தம்பி, கடைசி வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். FeSO₄-க்கு உங்கள் விதி 1 என்று சொன்னதும் அதை விட்டுவிட்டு, சல்பேட்டின் மின்சுமையைப் பிடித்துக்கொண்டு 2 என்று சரியாக வந்துவிட்டீர்கள். அதையே PbO₂-வுக்கும் செய்திருக்கலாம். தலைகீழாகத் தூக்கினால் லெட் 2, ஆக்சிஜன் 1 என்று வருகிறது. ஆக்சைடில் ஆக்சிஜனுக்கு 1 எப்படி வரும்?

குறுக்கே மாற்றிப் போடும் வழி வாய்ப்பாடு எழுதத்தான். போட்ட பிறகு 2:4 இருந்தால் 1:2 என்று சுருக்கிவிடுகிறோம். சுருக்கியதும் பழைய எண்கள் போய்விட்டன. போன எண்ணை எங்கிருந்து தலைகீழாகத் தூக்குவது?

பாலக்கோடு அம்மா, பெயர் எழுதிய விடைகளை இப்படிப் பாருங்கள். உலோகத்தைத் தொடாதீர்கள். மின்சுமை உறுதியாகத் தெரிந்த எதிர் அயனியிலிருந்து தொடங்குங்கள். PbO₂-வில் ஆக்சைடு அயனி ஒவ்வொன்றும் −2. இரண்டு இருப்பதால் −4. மொத்தம் பூச்சியமாக லெட் பக்கம் +4 வேண்டும். இருப்பது ஒரே ஒரு லெட். ஆக அது Pb⁴⁺, பெயர் லெட் (IV) ஆக்சைடு. பக்கத்து பெஞ்ச் பையன்தான் சரி.

சந்தேகம் இருந்தால் பெயரிலிருந்து வாய்ப்பாட்டை மறுபடி கட்டிப் பாருங்கள். லெட் (II) ஆக்சைடு என்றால் Pb²⁺, O²⁻. ஒன்றுக்கு ஒன்று போதும், வருவது PbO. கேள்வியில் இருந்தது PbO₂. இரண்டும் வேறு வேறு பொருள். PbO மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். PbO₂ கரும்பழுப்பு, உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஈயத்தகடு வகை என்றால் அதன் நேர்முனைத் தகட்டில் இருப்பது அதுதான்.

FeSO₄-உம் இதே கணக்கு. சல்பேட் −2, ஒன்றே ஒன்று. இரும்பும் ஒன்றே ஒன்று, அதனால் +2, இரும்பு (II) சல்பேட். உங்கள் தம்பி இரும்பு எத்தனை என்று எண்ணி அடைப்புக்குள் I போட்டிருக்கிறான். ரோமன் எண் அணுக்களின் எண்ணிக்கை இல்லை, ஓர் அயனியின் மின்சுமை. இப்படி எண்ணுகிற பிள்ளை Fe₂O₃-க்கும் இரும்பு (II) ஆக்சைடு என்றுதான் எழுதும், கேட்டுப் பாருங்கள்.

பாலக்கோடு அக்கா

கேட்டேன் சார். யோசிக்காமல் இரும்பு (II) ஆக்சைடு என்றான்! அப்புறம் உட்கார வைத்துப் போட வைத்தேன். மூன்று ஆக்சைடு, −6. இரண்டு இரும்பு சேர்ந்து +6, தலைக்கு +3. அவனே இரும்பு (III) என்று மாற்றிக்கொண்டான்.

முதல் மூன்று கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. அங்கேதான் எனக்குப் பூச்சியம் வந்தும் குழப்பம்.

ராயக்கோட்டை தக்காளி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், சல்பேட் என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது. சொட்டு நீரில் விட கால்சியம் நைட்ரேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் ஒரே டிரம்மில் கரைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக மாவு போல் கீழே படிந்துவிட்டது, ஃபில்டரும் அடைத்துக்கொண்டது. மின்சுமை சரியாக வராததால்தான் இப்படியா? மூட்டையில் ஏதாவது கலப்படமா?

கிருஷ்ணகிரி பழைய வாத்தியார்

கலப்படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல உரமே அப்படித்தான் படியும். Ca²⁺-உம் SO₄²⁻-உம் சேர்ந்து கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். அடர்த்தியான கரைசலில் இரண்டையும் கலக்கக் கூடாது. தனித்தனி டிரம், தனித்தனி நேரம்.

மின்சுமைக்கும் படிவதற்கும் தொடர்பில்லை. MgSO₄-இலும் +2, −2 தான். அது நன்றாகக் கரைகிறது, CaSO₄ கரைய மறுக்கிறது. மின்சுமைக் கணக்கு எந்த விகிதத்தில் சேரும் என்று மட்டும் சொல்லும், கரையுமா படியுமா என்று சொல்லாது.

அரூர் டியூஷன்

முதல் மூன்றை நான் சொல்கிறேன். அக்கா கேட்டதில் நல்ல விஷயமே அதுதான். பூச்சியம் வரவில்லை என்றால் விடை கட்டாயம் தப்பு. பூச்சியம் வந்தால் சரி என்று சொல்லிவிட முடியாது. இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும், தம்பி மூன்றிலும் ஒவ்வொன்றில் மாட்டியிருக்கிறான்.

Na₂SO₃: இரண்டு சோடியம் +2, எதிரில் −2. பூச்சியம். ஆனால் SO₃²⁻ சல்பைட், SO₄²⁻ சல்பேட். இரண்டுக்கும் ஒரே மின்சுமை என்பதால் கூட்டல் இந்தத் தப்பைப் பிடிக்கவே பிடிக்காது. நைட்ரைட், நைட்ரேட்டும் அப்படித்தான், இரண்டும் −1. இங்கே வேறு வழியில்லை, அயனியின் பெயரையும் உருவத்தையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் அயனியைத் தனியாக ஓரத்தில் எழுது, அப்புறம் எண் போடு என்பேன்.

Mg₂O₂: +4, −4. இங்கேயும் பூச்சியம். ஆனால் அயனிச் சேர்மத்துக்கு எழுதுவது மிகச் சிறிய விகிதம். 2:2 என்பது 1:1, ஆக MgO.

Al₂SO₄₃: மனதில் சரியாகத்தான் போட்டிருக்கிறான், இரண்டு அலுமினியம் +6, மூன்று சல்பேட் −6. ஆனால் அடைப்பு இல்லாததால் தாளில் இருப்பது ஒரு கந்தகம், நாற்பத்து மூன்று ஆக்சிஜன். Al₂(SO₄)₃ என்று எழுதினால்தான் மூன்று என்ற எண் முழு சல்பேட்டையும் பெருக்கும். நானாக இருந்தால் இதற்கு அரை மார்க் கொடுத்திருப்பேன்.

கிருஷ்ணகிரி பழைய வாத்தியார்

மற்றதெல்லாம் சரி, அரை மார்க்கில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். Ca(OH)₂-க்கு CaOH₂ எழுதினாலும் அரை மார்க்கா? இரண்டு ஆக்சிஜனில் ஒன்று காணாமல் போயிருக்கிறதே.

அரூர் டியூஷன்

மின்சுமையைச் சமன் செய்யத் தெரிகிறதா என்பதுதானே கேள்வி. தெரிந்திருக்கிறது, அதற்குத்தான் அந்த அரை.

தேன்கனிக்கோட்டை எம்.எஸ்சி.

வாத்தியார் சொன்ன லெட்டில் எனக்கு ஒரு கொக்கி. BaO₂-வை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கணக்குப்படி இரண்டு ஆக்சைடு −4, ஆக பேரியம் (IV) ஆக்சைடு என்று வர வேண்டும். ஆனால் அது பேரியம் பெராக்சைடு. PbO₂ மட்டும் லெட் (II) பெராக்சைடு இல்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மின்சுமை இரண்டு வழியிலும் சமன் ஆகிறது.

கிருஷ்ணகிரி பழைய வாத்தியார்

நியாயமான கொக்கி. பேரியத்துக்கு +2 தவிர வேறு கிடையாது. அதனால் எதிர்ப்பக்கம் மொத்தமே −2 தான் இருக்க முடியும், இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து O₂²⁻ என்ற ஒரே அயனி. லெட்டுக்கு +2, +4 இரண்டும் உண்டு, அதனால் கணக்கு மட்டும் முடிவு சொல்லாது. அங்கே பொருளைத்தான் கேட்க வேண்டும். BaO₂-வில் குளிர்ந்த நீர்த்த அமிலம் விட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், PbO₂-வில் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், பேரியம் என ஒரே மின்சுமை உள்ள உலோகம் என்றால் உலோகத்திலிருந்து தொடங்கு. இரும்பு, செம்பு, லெட் போல மாறுகிற உலோகம் என்றால் எதிர் அயனியிலிருந்து தொடங்கு. அவர்களுக்கு இது போதும்.

பாலக்கோடு அக்கா

சார், நீங்கள் சொன்னதை வைத்து அவனே ஒன்று கண்டுபிடித்துக் கேட்கிறான். Na₂O₂ என்று எங்கோ பார்த்தானாம். Mg₂O₂-வைச் சுருக்கியது போல அதையும் NaO என்று சுருக்கலாமா?

அரூர் டியூஷன்

சுருக்கக் கூடாது. சோடியம் +1 தான், இரண்டு சேர்ந்து +2. எதிரே O₂²⁻ ஒரே துண்டு. அதற்குள் இருக்கிற 2 அந்த அயனிக்குச் சொந்தம், அதை வகுக்க முடியாது. சல்பேட்டில் இருக்கும் 4-ஐ யாராவது சுருக்குவார்களா? Hg₂Cl₂-வும் இதே கதை. பாதரசம் இரண்டும் ஒட்டிக்கொண்டு Hg₂²⁺. HgCl என்று எழுதினாலும் மின்சுமை சமன் ஆகும், ஆனால் தப்பு.

ஊத்தங்கரை பொறியியல்

அப்போ எது ஒரே துண்டு, எது சுருக்கலாம் என்று வாய்ப்பாட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அரூர் டியூஷன்

வாய்ப்பாட்டை மட்டும் பார்த்தால் எப்போதும் தெரியாது தம்பி. அயனிகளின் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தாளில் பெராக்சைடும் மெர்குரஸும் தவிர இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பாலக்கோடு அக்கா

இன்று தாளோடு போய்க் கேட்டான். முதல் நான்கில் மாற்றமில்லை, அரை மார்க்கும் இல்லை. ஐந்தாவதுக்கு −4, +4 கணக்கைத் தாளின் ஓரத்திலேயே போட்டுக் காட்டியிருக்கிறான். பக்கத்து பெஞ்ச் பையனுக்கு ஒரு மார்க் கூடியது. இவனுக்கு ஒன்று குறைந்தது. என்னோடு பேச மாட்டேன் என்கிறான்.