20 கிலோ சின்ன வெங்காயத்த அழுக விட்ட கதையும், உக்காந்து நான் அழுத கதையும்

சூலூர் மருமக:
வணக்கமுங்க. போன மாசில பல்லடம் ரோட்டுல டெம்போல வச்சு சின்ன வெங்காயம் கிலோ 30 ரூவான்னு வித்தாங்க. சித்திரைல வெல ஏறிப்போயிரும் கண்ணு, வாங்கிப் போடுன்னு அத்தை சொன்னாங்கன்னு 20 கிலோ மூட்டையோட தூக்கிட்டு வந்து மாடிப்படிக்கு அடியில சாத்தி வச்சோம். அஞ்சாவது வாரம் ஊட்டுக்குள்ள ஒரு நாத்தம். எலி செத்துருச்சுன்னு நெனச்சு பீரோவ எல்லாம் நகத்திப் பாத்தோம், கடைசில மூட்டையத் தூக்குனா அடில பழுப்புத் தண்ணி வடியுது. பொறுக்கி எடுத்ததுல 8 கிலோதான் தேறுச்சு. அதையாவது வடகம் போட்டுரலாம்னு அருவாமணைல உக்காந்தேனுங்க, அன்னிக்கு நான் அழுத அழுகைல பக்கத்து ஊட்டு அக்கா வந்து என்ன அம்மணி சண்டையான்னு கேட்டுட்டாங்க.

ரெண்டு கேள்வி. மூட்டைல நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அப்புறம் பூண்டு உரிச்சா, நசுக்குனா எல்லாம் கண்ணு எரியறதில்லையே, வெங்காயத்துக்கு மட்டும் ஏன்?

ஈரோட்டு மாப்ள:
வெங்காயத்துல கந்தக அமிலம் இருக்குதுங்க, வெட்டறப்ப அது தெறிச்சு கண்ணுல படுது. எல்லாம் வேர்ப்பக்கந்தான் சேந்திருக்கும், அத வெட்டாம விட்டுட்டா ஒன்னும் ஆகாது. எங்க அமுச்சி உச்சந்தலைல ஒரு தோல வச்சுக்குவாங்க, சாகற வரைக்கும் அவங்க கண்ணுல தண்ணியே பாத்ததில்ல.

கோபி டீச்சர் (ரிட்டயர்டு):
மாப்ள, பாதி சரி. கந்தகம் சரி, அமிலம் தெறிக்குதுங்கறது சரியில்ல. முழு வெங்காயத்துல அழ வைக்கற பொருளே கெடையாதுங்க, அதனாலதான் கூடை நெறைய பக்கத்துல வச்சுட்டு தூங்குனாலும் ஒன்னும் தெரியறதில்ல. வேர்ப்பக்கம் மட்டுமில்ல, ஒவ்வொரு செல்லுலயும் கந்தகச் சரக்கு ஒரு அறையிலயும் அத ஒடைக்கற நொதி வேற அறையிலயும் இருக்கு, கத்தி பட்டு நடுச் செவுரு ஒடஞ்சவொடனே ரெண்டும் கலந்துரும். கலந்து வர்றத இன்னொரு நொதி புடிச்சு ஒரு வாயுவா மாத்துது, அது மேல வந்து கண்ணோட ஈரத்துல கரைஞ்சு நரம்பச் சீண்டுது, கண்ணு அதக் கழுவிவிடத் தண்ணி ஊத்துது. அவ்வளவுதான் நடக்குது.

பூண்டுக்கும் முதல் நொதி இருக்கு, அதான் நசுக்குனா அந்த வாசம். ஆனா அதுல இருக்கற கந்தகச் சரக்கு வேற மாதிரி, அந்த ரெண்டாவது நொதிக்கு அங்க வேலையும் இல்ல. இந்த ரெண்டாவது நொதிய ஜப்பான்காரங்க 2002லதான் கண்டுபுடிச்சாங்க, அதுவரைக்கும் ஒரே நொதிதான் எல்லாம் பண்ணுதுன்னு நாங்களும் நம்பிட்டிருந்தோம். 2013ல அவங்களுக்கு இக் நோபல்னு சிரிக்க வைக்கற பரிசு ஒன்னு குடுத்தாங்க, நான் கிளாஸ்ல சொன்னா பசங்க நம்பல.

அருவாமணை விசயத்துக்கு வர்றேன். அதுல உக்காந்தா நம்ம மூஞ்சி வெங்காயத்துக்கு நேர் மேல, ஒரு முழத்துல இருக்கும். நின்னு பலகைல வெட்டறவங்களுக்கு இவ்ளோ அடிக்காது. இன்னொன்னு, உங்க அருவாமணை சாணை புடிச்சு எத்தன வருசமாச்சு? மொன்னையா இருந்தா வெட்டாது, நசுக்கும், செல்லு நெறைய ஒடையும், சாறும் தெறிக்கும். சாணை புடிச்சுட்டு, வெங்காயத்த வெட்டறதுக்கு அர மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, டேபிள் ஃபேன சைடுல ஓட விட்டுப் பாருங்க. குளுந்தா நொதி மெதுவாத்தான் வேலை செய்யும், காத்து வாயுவ அக்கட்டால தள்ளிரும். வதக்குனா அழுகை நின்னு போறதும் சூட்டுல நொதி செத்துப் போறதாலதான்.

கண்ணாடி கணேசு:
எனக்கு வெங்காயமே வெட்டாம கண்ணுல தண்ணி வருதுங்க, பைக்ல காங்கயம் வரைக்கும் போய்ட்டு வந்தா போதும். இதுக்கும் அந்த நொதிதானா? வெங்காயச் சாறு ரெண்டு சொட்டு விட்டா கண்ணு சுத்தமாயிரும்னு ஒருத்தர் சொல்றாரு.

கோபி டீச்சர் (ரிட்டயர்டு):
சாமி, அதெல்லாம் கண்ணுல ஊத்திராதீங்க! கண் டாக்டரப் பாருங்க.

திருப்பூர் ஷிப்ட்:
எம்பொண்ணு கான்டாக்ட் லென்ஸ் போடறா, அவளுக்கு வெங்காயம் ஏறவே ஏறாது. லென்ஸ் இல்லாத நாளு வெட்டச் சொன்னா ஓடிருவா. பந்திக்கு வெங்காயம் உரிக்கறதுன்னா அவளத்தான் கூப்புடறோம். மாப்ள சொன்ன தோல் கதைய எங்க ஊட்லயும் செஞ்சாங்க, எனக்கு வேலைக்கு ஆகல.

குண்டடத்துத் தோட்டம்:
மூட்டைக் கதைக்கு நான் வர்றேனுங்க, டெம்போல வந்த காய்னு சொன்னவொடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. அம்மணி, வாங்கறப்ப தாள் கிட்ட புடிச்சுப் பாத்தீங்களா? கழுத்து நூலாட்ட மெலிஞ்சு காஞ்சு இருந்துச்சா, இல்ல வெரல்ல அமுக்குனா மெத்துன்னு இருந்துச்சா? மெத்துன்னு இருந்தா அது பச்சக் காய். எடை நிக்கோணும்னு புடுங்கற வாரம் வரைக்கும் தண்ணி விட்டிருப்பாங்க. அந்தக் காய நீங்க தங்கத்தட்டுல வச்சாலும் நிக்காது.

எங்க பக்கம் இருப்பு வைக்கற காய்க்கு, புடுங்கறதுக்குப் பத்து நாளு முன்னாடியே தண்ணிய நிறுத்திருவோம். தாள் தானாச் சாஞ்சு மஞ்சளாகோணும். புடுங்கி, ஒரு வரிசை காய் மேல அடுத்த வரிசை தாள் விழற மாதிரி காட்டுலயே மூணு நாளு போட்டுருவோம், காய் நேர் வெயில் படாம தாள் மட்டும் காயும். பொறவு நெழல்ல போட்டு ஒரு வாரம். கழுத்து அடைபட்டா உள்ள பூஞ்சை போறதுக்கு வழி இல்லைங்க, சூட்சுமமே அதுதான். தாள அரியறப்பவும் ஒட்ட அரியாம ஒரு இஞ்சு விட்டு அரிவோம்.

அப்புறம் காய் இருப்பு வைக்கற பட்டறை. தரைல இருந்து ஒன்றரை அடி தூக்கி, கல்லு நட்டு அது மேல மூங்கிலு, பக்கத்துக்குத் தட்டியோ கம்பி வலையோ, மேல தென்னங்கீத்து. அகலம் நாலு நாலர அடிக்கு மேல போகக் கூடாது, நீளம் எவ்ளோ வேணா போலாம். தெக்கு வடக்கா நீளம் வச்சாத்தான் மேகாத்து ஒரு பக்கம் பூந்து அக்கட்டால வெளிய போகும். பாலக்காட்டுக் கணவாக் காத்து நமக்கு ஓசில வர்ற ஃபேனுங்க, அத விட்டுப்போட்டு மூட்டை கட்டிப் படிக்கடில வச்சா வெங்காயம் மூச்சு உட்ட ஈரத்துலயே வெந்து போகும். வெங்காயம் உசுரோட இருக்கற பொருளு, மறந்தராதீங்க. அதனாலதான் அடுத்த பட்டத்துக்கு அதே காய விதைக்காயா நடறோம்.

வெயிலுக்கு மொளைக்காதுங்க, எடைதான் கொறையும். குளிரும் ஈரமும் வந்தாத்தான் மொளை. வெல ஏறும்னு காத்திருந்து, ஐப்பசி மழைல பட்டறையோட போன வருசமும் எனக்கு இருக்கு, அதப் பேச வேண்டாம்.

ஈரோட்டு மாப்ள:
வேர வெட்டிட்டு வைக்கறதா, வேரோடவா?

குண்டடத்துத் தோட்டம்:
நாங்க வேர்ல மண்ண மட்டும் ஒதறிட்டு வைக்கறோம். எங்க பெரியப்பா சாளைல வேர அரிஞ்சுதான் வைப்பாங்க, அவங்களுதும் நின்னுருக்குது. முப்பது வருசமா இந்தச் சண்டை ஓடுது.

மேட்டுப்பாளையம் மண்டி:
பூண்டுக்கு நான் சொல்றேன், ஊட்டிப் பூண்டு ஏலத்துல பொழுதன்னிக்கும் நிக்கறவன். ஊட்டுக்கு வாங்கறவங்க பல்லாப் பிரிச்சு வச்சுக்கறாங்க, அதான் மொதல் தப்பு. முழுப் பூண்டா, மேல் தோலு சலசலன்னு இருக்கறதா, அடித்தட்டுல அமுக்குனா கல்லாட்ட இருக்கறதா எடுங்க. தாளோட கெடச்சா பத்துப் பத்தா முடி போட்டு அட்டாலிக்குக் கீழ காத்து படற எடத்துல தொங்க விடுங்க, கேஸ் அடுப்புக்கு மேல வேண்டாம். ஃப்ரிட்ஜ்ல முழுப் பூண்டு வைக்காதீங்க. அதுக்குக் குளிரு வந்தா மலைல பட்டம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கும், வெளிய எடுத்தவொடனே நடுவுல பச்சையா மொளை வந்துரும். மொளை வந்தா சாப்புடலாம், கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

திருப்பூர் ஷிப்ட்:
நான் உரிச்ச பூண்ட நல்லெண்ணெய்ல முக்கி பாட்டில்ல போட்டு செல்ஃப்ல வச்சுக்கறேன், மூணு வாரம் வரைக்கும் வருது, வாசமும் சூப்பரு.

கோபி டீச்சர் (ரிட்டயர்டு):
அம்மா தாயே, அத இன்னிக்கே கீழ ஊத்திருங்க. எண்ணெய்க்கு அடியில காத்து போகாது, பூண்டு மண்ணுக்குள்ள இருந்து வந்த பொருளு, காத்தில்லாத எடத்துல வளர்ற பொட்டுலிசம் கிருமிக்கு அது சொர்க்கம். வாசமோ ருசியோ மாறாமயே விசமாயிரும், நீங்க மோந்து பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. எண்ணெய்ல வேணும்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு நாலு நாளுக்குள்ள தீத்துருங்க. எலுமிச்சையோ வினிகரோ தாராளமாச் சேத்த ஊறுகாய் கதை வேற, புளிப்புல அது வளராது.

திருப்பூர் ஷிப்ட்:
ஐயோ. ஊத்தியாச்சுங்க டீச்சர்.

சூலூர் மருமக:
ஏழு மாசம் கழிச்சு வர்றேனுங்க, கணக்கோட வந்திருக்கேன். ஆடில தோட்டத்துக்கே போயி (குண்டடம் அண்ணன் தோட்டம் இல்ல, சுல்தான்பேட்டை பக்கம்) கழுத்து காஞ்ச காயா 15 கிலோ வாங்குனேன். மாடி வராண்டால சாக்கு விரிச்சு நெழல்ல ஆறு நாளு, அப்பவே 700 கிராம் எடை போச்சு. அடிபட்டது, ரெட்டைக் காய், கழுத்து தடிச்சது எல்லாம் தனியா எடுத்து மொதல்லயே கொழம்புக்குப் போட்டுட்டேன், அது ரெண்டு கிலோ. மீதி 12 கிலோ சொச்சத்த மூணு தக்காளிப் பொட்டில, ஓட்டை இருக்கற பிளாஸ்டிக் பொட்டி, அர அடி உயரத்துக்கு மேல இல்லாம பரப்பி, செங்கல்லு மேல தூக்கி வச்சேன். மேல் பொட்டிக்கும் கீழ் பொட்டிக்கும் நடுவுல மரக்கட்டை வச்சதால காத்து போச்சு. உருளக்கெழங்க பக்கத்துல வைக்கல, அதோட ஈரம் ஆகாதுன்னாங்க.

பத்து நாளைக்கு ஒருக்கா கைய விட்டு அளைவேன். கைல ஈரம் பட்டா அந்தப் பக்கம் ஒன்னு அழுகியிருக்கும், அத எடுத்துட்டா சுத்தி இருக்கறது தப்பிச்சுக்குது. புரட்டாசி வரைக்கும் எறிஞ்சது கால் கிலோ கூட இல்ல. ஐப்பசில மழ புடிச்சு ஒரே வாரத்துல தோல் மேல கரி பூசுன மாதிரி கருப்பு வந்துருச்சு, ராத்திரி ஃபேன் போட்டு விட்டும் ஒன்றரை கிலோ போச்சு. கருப்பு மேல்தோல்ல மட்டும் இருந்தத உரிச்சுக் கழுவி ஆக்குனோம், உள்ள மெத்துன்னு ஆனத எறிஞ்சுட்டோம். இன்னிக்குக் கார்த்திகை 4, பொட்டில ரெண்டரை கிலோ கெடக்குது, அதுல பாதி பச்சைத் தாள் விட்டுருச்சு.

அருவாமணைக்கு சாணை புடிச்சாச்சு டீச்சர். கண்ணு எரியறது கொறஞ்சிருக்குது, நிக்கல. அத்தைக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் வர்றதில்ல, அவங்க தலைல தோலும் வைக்கறதில்ல.

குண்டடத்துத் தோட்டம்:
மொளை விட்டத எறிஞ்சராதீங்க அம்மணி, தொட்டில நட்டு வைங்க, ரெண்டு வாரத்துல தாள் அரிஞ்சு தோசைக்குப் போட்டுக்கலாம்.