ஆர்.எஃப்.எம். மதிப்பெண் போடும்போது எங்கே சறுக்குகிறது? அனுபவங்களை எழுதுங்கள்

பேரேடு:
கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை தடவை வாங்கினார், மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்ற மூன்றுக்கும், அதாவது R, F, M-க்கு, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சலுகை அனுப்புகிறவர்கள், கணக்கு தப்பிய இடங்களை இங்கே எழுதுங்கள். எல்லாரும் இறக்கிப் பார்க்கக்கூடிய தரவிலிருந்தே தொடங்குகிறேன். யூசிஐ தரவுக் களஞ்சியத்தில் இருக்கும் `Online Retail` கோப்பு. பரிசுப்பொருள் விற்கும் ஒரு பிரிட்டிஷ் இணையக்கடையின் பில்கள், 1.12.2010 முதல் 9.12.2011 வரை, 5,41,909 வரிகள். வாங்குபவர்களில் மொத்த வியாபாரிகள் நிறைய.

இதில் `CustomerID` 12346 என்பவரைப் பாருங்கள். 18.1.2011 காலையில் ஒரே பில்லில் 74,215 பீங்கான் ஜாடி, 77,183.60 பவுண்டு. கால் மணி நேரத்தில் அதே அளவு ரத்து. ரத்து பில்லின் எண் `C` என்று தொடங்கும். பலர் முதல் வேலையாக அந்த `C` வரிகளை 'குப்பை' என்று நீக்கிவிடுகிறார்கள். விற்பனை வரி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு பைசா தராதவர் செலவு மதிப்பெண்ணில் 5 வாங்கி, உச்சிப் பட்டியலில் உட்கார்ந்துவிடுகிறார்.

புதுவரவு:
`C` வரிகளை நீக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் போதுமே? மைனஸ் அளவு தானாகக் கழிந்துவிடும். 12346-க்கு 0 வருகிறது, சரிபார்த்துவிட்டேன்.

வடிகட்டி:
செலவுக்கு அது சரி. மற்ற இரண்டுக்கும் போதாது. 16446-ஐ எடுத்துப் பாருங்கள். அவர் 18.5.2011 அன்று 2.90 பவுண்டுக்குச் சாமான் வாங்கினார். பிறகு 9.12.2011 காலையில் 80,995 காகிதப் பறவைகள், 1,68,469.60 பவுண்டு, சில நிமிடங்களில் ரத்து. நீங்கள் சொல்கிறபடி கூட்டினால் செலவு 2.90 என்று சரியாக வரும். ஆனால் கடைசிக் கொள்முதல் டிசம்பர் 9 என்றே நிற்கும், தடவை ரத்து பில்லோடு சேர்ந்து 3 என்று எண்ணப்படும். உண்மையில் அவர் ஒரே தடவை வாங்கியவர். டிசம்பர் 10-ஐக் கணக்குநாளாக வைத்தால் கடைசியாக வாங்கி 206 நாள் ஆகிவிட்டது. உங்கள் கணக்கில் 1 நாள்!

ஆகவே முழுதாக ரத்தான பில்லையே முதலில் வெளியே எடுக்க வேண்டும். சிரமம் என்னவென்றால், இந்தக் கோப்பில் `C` பில்லில் மூல பில்லின் எண் கிடையாது. வாடிக்கையாளரும் `StockCode`-உம் ஒன்றாகவே இருந்து, அளவு மட்டும் எதிர்க்குறியில் பொருந்துகிற முந்தைய வரியைத் தேடித்தான் இணைக்க முடியும். பாதி மட்டும் திரும்பி வந்த சரக்கு இப்படிப் பொருந்தாது. அதைச் செலவில் மட்டும் கழித்து, பில்லை எண்ணிக்கையில் விட்டுவிடுவேன். 2010 டிசம்பர் தொடக்கத்தில் வரும் ரத்துகள் சிலவற்றுக்கு மூல பில்லே கோப்பில் இருக்காது, அது நவம்பரில் போட்டதாக இருக்கலாம்.

இணைத்து முடித்தபின், `C` வரிகளும் முழுதாக ரத்தான பில்களும் போக மிஞ்சிய விற்பனை வரிகளை `buy` என்று வைத்தால் இவ்வளவுதான்:

```python
snap = pd.Timestamp("2011-12-10")
g = buy.groupby("CustomerID")
R = (snap - g["InvoiceDate"].max().dt.normalize()).dt.days
F = g["InvoiceNo"].nunique()
```

`nunique` என்பதைக் கவனியுங்கள். `count` போட்டால் பில்லின் வரிகளை எண்ணும். ஒரே நாளில் 40 வகைச் சாமான் வாங்கியவர் 40 தடவை வந்தவராகிவிடுவார்.

புதுவரவு:
நன்றி, என் கோப்பில் `count` தான் இருந்தது. மாற்றியதும், ஆட்களைச் சம பிரிவுகளாக்கும் `qcut` ஓடவில்லை, `Bin edges must be unique` என்றது. `F.rank(method="first")` போட்டு ஐந்தாகப் பிரித்தேன், இப்போது ஒவ்வொரு பிரிவிலும் சம அளவு ஆட்கள்.

வடிகட்டி:
பிழைச்செய்தி போய்விட்டது, பிழை போகவில்லை. இந்தக் கடையில் மூன்றில் ஒருவர் ஒரே தடவை வாங்கியவர். ஐந்தில் ஒரு பங்கு பெட்டிக்குள் அவர்கள் அடங்கமாட்டார்கள். `method="first"` பட்டியலில் முன்னால் வந்தவருக்கு 1-ம், பின்னால் வந்தவருக்கு 2-ம் கொடுக்கிறது. இருவரும் வாங்கியது ஒரே தடவைதான். `groupby` எண் வரிசையில் அடுக்குவதால், `CustomerID` பெரிதாக இருப்பவருக்கு மதிப்பெண் கூடுகிறது. சரிபார்க்க வழி எளிது: F = 1 உள்ளவர்களுக்கு எத்தனை விதமான மதிப்பெண் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் தவறு.

தடவைக்கு மட்டும் எல்லையைக் கையால் வையுங்கள். 1, 2, 3–4, 5–9, 10-உம் அதற்கு மேலும். பிரிவுகள் சமமாக வராது, வர வேண்டியதும் இல்லை.

ஈரோட்டுக்காரர்:
நம்மது ஜவுளிக்கடைங்க. பில்லில் செல் நம்பர்தான் அடையாளம். இரண்டு விஷயம் சொல்கிறேன். நம்பர் தரமாட்டேன் என்கிறவர்களுக்குக் கவுன்டரில் 9999999999 என்று அடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் அந்த நம்பர்தான் கடையின் முதல் வாடிக்கையாளர். அதை எடுத்தாச்சு. அடுத்தது, தீபாவளிக்கு மட்டும் வருகிற குடும்பங்கள். செப்டம்பரில் பட்டியல் போட்டால் 300 நாளுக்கு மேல் ஆச்சு, 'போனவர்கள்' என்று வருகிறது. இவர்களுக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்துத் திரும்ப அழைக்கலாமா, வேண்டாமா?

பேரேடு:
அண்ணே, அவர்கள் போகவே இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை வருவதுதான் அவர்கள் வழக்கம். பிரிட்டிஷ் கோப்பிலும் இதே சிக்கல்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாங்குகிறவர் 2010 டிசம்பரில் ஒரு பில், பிறகு ஒன்றுமில்லை என்று தெரிவார். கோப்பு 2011 டிசம்பர் 9-ல் முடிவதால் அவர் வரப்போகிறவரா, வராமலே போனவரா என்று சொல்ல முடியாது. உங்களிடம் மூன்று ஆண்டு பில் இருந்தால், போன இரண்டு தீபாவளியிலும் வந்தவர்களைத் தனியே எடுங்கள். அவர்களுக்குத் தள்ளுபடி வேண்டாம், புதுச் சரக்கு வந்த சேதி போதும். முன்பு மாதந்தோறும் வந்து, இப்போது ஆறு மாதமாகக் காணாதவருக்குத்தான் கூப்பன்.

நூல்கண்டு:
சேதி போதும் என்று எப்படித் தெரியும்? எதுவுமே அனுப்பப்படாத ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்தால்தான் தெரியும். கணக்குக்காக, ஒரு பிரிவில் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி 100 பேரை ஒதுக்கி, 300 பேருக்கு 150 ரூபாய் கூப்பன் அனுப்புகிறோம். கூப்பன் பெற்றவர்களில் 36 பேர் வந்தார்கள், ஒதுக்கிய 100-ல் 9 பேர் தாமாகவே வந்தார்கள். அப்படியானால் 300-ல் 27 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். கூப்பனால் வந்தவர் 9 பேர்தான். சராசரி பில் 2,000, லாபம் 25 சதவீதம் என்றால் வரவு 4,500. கூப்பன் செலவு 36 × 150 = 5,400. கடைக்கு 900 ரூபாய் நட்டம்.

'36 பேர் வந்தார்கள், 72,000 விற்றது' என்று மட்டும் எழுதினால் இது வெற்றியாகத் தெரியும்.

வடிகட்டி:
ஒதுக்குவது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 பேரில் 9 என்பது மிகச் சிறிய எண். அடுத்த முறை சும்மாவே 5 வரலாம், 14-உம் வரலாம். நூற்றுக்கு 12-க்கும் 9-க்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம்பிக் கூப்பனை நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அதனால்தான் 5 × 5 × 5 என்று 125 பெட்டி போடாமல், ஐந்தாறு பிரிவோடு நிறுத்துகிறேன்.

ஈரோட்டுக்காரர்:
நம்மிடம் நம்பர் உள்ளவர்களே மொத்தம் 2,600 பேர்தாங்க. ஆயிரக்கணக்கில் ஒதுக்க எங்கே போவது?

நூல்கண்டு:
ஒரே தடவையில் முடிவு கட்டாமல், ஒரே பிரிவு, ஒரே கூப்பன் என்று நான்கைந்து மாத எண்களைச் சேர்த்துப் பார்க்கலாம். தீபாவளி மாதத்தை மட்டும் அதில் கலக்காதீர்கள்.

வடிகட்டி:
அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. மாதந்தோறும் அதே 100 பேரையே ஒதுக்கினால் அவர்கள் சலுகையே காணாமல் போவார்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் போன மாதக் கூப்பனின் பலன் இந்த மாதத்தில் கலந்துவிடும். இதைச் சின்னக் கடையில் நடைமுறைப்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.